மூன்று சமன்பாடுகள், மூன்று முறைகள், ஒரே பன்னிரண்டு

பண்டைச் சீனக் கணித நூலான 'ஒன்பது அத்தியாயங்க'ளின் எட்டாம் அத்தியாயம் ஒரு தானியக் கணக்கோடு தொடங்குகிறது. மேல்தரக் கதிர்க்கட்டு மூன்று, நடுத்தரம் இரண்டு, கீழ்த்தரம் ஒன்று சேர்த்து அடித்தால் 39 தௌ தானியம் கிடைக்கிறது. தௌ என்பது அந்நாட்டு முகத்தலளவை. மேல்தரம் இரண்டு, நடுத்தரம் மூன்று, கீழ்த்தரம் ஒன்று என்றால் 34 தௌ. மேல்தரம் ஒன்று, நடுத்தரம் இரண்டு, கீழ்த்தரம் மூன்று என்றால் 26 தௌ. ஒவ்வொரு தரத்திலும் ஒரு கட்டுக்கு எவ்வளவு தானியம்? ஹான் அரசமரபின் காலத்தில் உருப்பெற்ற இந்நூலுக்கு கி.பி. 263இல் லியூ ஹுயி உரை எழுதினார். அதற்கும் முந்தைய இந்தக் கணக்கைத் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் முதல் அத்தியாயப் பயிற்சியில் செருகி வைத்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

```
3x + 2y +  z = 39
2x + 3y +  z = 34
 x + 2y + 3z = 26
```

அந்தப் பாடநூல் அத்தியாயம் இத்தகைய தொகுப்பைத் தீர்க்க மூன்று வழிகளைத் தருகிறது: நேர்மாறு அணி காணல் முறை, கிராமரின் விதி, காஸ்ஸியன் நீக்கல் முறை. மூன்றும் தனித்தனிப் பயிற்சிகளாக வருவதால், மூன்று தனித்தனிச் சடங்குகளாகவே பலர் மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வில் எண் தவறும்போது எங்கே தவறியது என்று தேட முடியாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான் என்பேன். முதல் இரண்டு முறைகளும் உண்மையில் ஒரே கணக்கு. மூன்றாவது வேறு பாதையில் போனாலும் வழியில் அதே எண்களைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது. இது தெரிந்தவர் ஒரு முறையில் விடை எழுதிவிட்டு இன்னொரு முறையின் ஒரு துண்டைக் கொண்டு அதைச் சோதித்துக்கொள்ளலாம். சீனத் தானியக் கணக்கையே எடுத்துக்கொண்டு மூன்று வழியிலும் நடந்து பார்ப்போம்.

பொதுத்தேர்வில் 90 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம். மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால், ஐந்து மதிப்பெண் கணக்குக்குப் பத்து நிமிடம். சோதனையும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் அடங்க வேண்டும்.

முதலில் அணிக்கோவை. குணகங்களை மட்டும் எடுத்து A என்ற அணியாக எழுதி, முதல் நிரை வழியாக விரிக்கிறோம்.

```
      | 3  2  1 |
|A| = | 2  3  1 |
      | 1  2  3 |

    = 3(9 − 2) − 2(6 − 1) + 1(4 − 3)
    = 21 − 10 + 1 = 12
```

நடு உறுப்புக்கு முன் வரும் கழித்தல் குறியை மறப்பது எல்லோரும் அறிந்த பிழை. அதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சாரஸ் விதிப்படி மூலைவிட்டங்களை வரைந்து பெருக்குவதும் சரியான வழியே. அதில் மும்மூன்று எண்களின் பெருக்கல் ஆறு வரும். மொத்தம் பன்னிரண்டு பெருக்கல். நிரை வழி விரிவில் ஒன்பதே போதும். மேலும் சாரஸின் விதி மூன்றாம் வரிசை அணிக்கோவைக்கு மட்டுமே பொருந்தும். நான்காம் வரிசைக்கு அதே பாணியில் மூலைவிட்டம் வரைந்தால் விடை தவறும்.

இன்னும் நுட்பமான ஒரு பிழை உண்டு. விரிப்பதற்கு முன் ஒரு பூச்சியத்தை உண்டாக்கிக்கொண்டால் வேலை குறையும் என்பது உண்மை. ஒரு நிரையிலிருந்து இன்னொரு நிரையின் மடங்கைக் கழித்தால் அணிக்கோவையின் மதிப்பு மாறாது. ஆனால் பின்னம் வராமலிருக்க R₂ → 3R₂ − 2R₁ என்று எழுதினால், R₂-வை மூன்றால் பெருக்கிவிட்டோம். அணிக்கோவையும் மூன்று மடங்காகிவிட்டது. நம் கணக்கில் 12க்குப் பதில் 36 வரும். சமன்பாடுகளைத் தீர்க்கும்போது இதே செயல் முற்றிலும் குற்றமற்றது, ஏனென்றால் ஒரு சமன்பாட்டை முழுவதும் மூன்றால் பெருக்கினால் அதன் தீர்வு மாறாது. நீக்கல் முறையில் கை பழகியவர்கள் அணிக்கோவைக்குள்ளும் அதே பழக்கத்தைக் கொண்டுவந்து இந்த இடத்தில் சிக்குகிறார்கள். கூட்டப்படும் அல்லது கழிக்கப்படும் நிரைக்கு எந்தக் குணகமும் வரலாம். மாற்றப்படும் நிரைக்கு முன் ஒன்றைத் தவிர வேறு எண் வந்தால், கடைசியில் அந்த எண்ணால் வகுக்க வேண்டும்.

|A| பூச்சியமில்லை என்று தெரிந்துவிட்டது. நேர்மாறு உண்டு. அதற்கு ஒன்பது இணைக்காரணிகள் வேண்டும். ஒவ்வொரு உறுப்புக்கும் அதன் நிரையையும் நிரலையும் மறைத்துச் சிற்றணிக்கோவை கண்டு, குறிகளை மாற்றி மாற்றிப் போடுவது புத்தக வழி. ஒன்பது முறை மறைத்து, ஒன்பது முறை குறி பார்ப்பதில்தான் தவறு நுழைகிறது. பயிற்சி மையங்களில் புழங்கும் ஒரு சுருக்கம் குறியைத் தானாகவே பார்த்துக்கொள்ளும். அணியின் முதல் இரண்டு நிரல்களை வலப்புறம் மறுபடி எழுதி, பிறகு முதல் இரண்டு நிரைகளைக் கீழே மறுபடி எழுதி, ஐந்துக்கு ஐந்தாக விரித்துக்கொள்ள வேண்டும். அதன் முதல் நிரையையும் முதல் நிரலையும் அடித்துவிட்டால் மீதி இதுதான்:

```
3  1  2  3
2  3  1  2
2  1  3  2
3  1  2  3
```

இதில் அடுத்தடுத்த இரண்டுக்கு இரண்டு கட்டங்களை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகப் பெருக்கிக் கழித்துக்கொண்டே போனால் போதும். முதல் வரிசையில் 9 − 2 = 7, அடுத்து 1 − 6 = −5, அடுத்து 4 − 3 = 1. இரண்டாம் வரிசையில் −4, 8, −4. மூன்றாவதில் −1, −1, 5. குறிக்கென்று தனியாக எதையும் செய்யவில்லை. சுழற்சி முறையில் எழுதியதால் குறி உள்ளேயே அடங்கிவிட்டது. வரிசை மூன்று என்ற ஒற்றைப்படை எண்ணாக இருப்பதால்தான் இது நடக்கிறது. விடைத்தாளில் இதை ஓரத்தில் செய்துகொண்டு, முக்கியப் பகுதியில் இணைக்காரணிகளைச் சிற்றணிக்கோவை வடிவிலேயே எழுதிக் காட்டுவது நல்லது. திருத்துபவர் தேடுவது அந்த வடிவத்தைத்தான்.

இணைக்காரணி அணியை நிரை நிரல் மாற்றினால் சேர்ப்பு அணி.

```
        |  7  −4  −1 |
adj A = | −5   8  −1 |
        |  1  −4   5 |
```

இதை 12ஆல் வகுத்தால் நேர்மாறு. நேர்மாற்றை வலப்பக்க எண்கள் 39, 34, 26 ஆகியவற்றோடு பெருக்கினால் தீர்வு. 12ஐ வெளியே நிறுத்திக்கொண்டு முழு எண்களை மட்டும் பெருக்குவதுதான் புத்திசாலித்தனம். ஒன்பது பின்னங்களை உள்ளே எழுதிக்கொண்டு பெருக்குவது நேரத்தை வீணாக்கும்.

```
x = (7·39 − 4·34 − 1·26)/12  = 111/12 = 37/4
y = (−5·39 + 8·34 − 1·26)/12 =  51/12 = 17/4
z = (1·39 − 4·34 + 5·26)/12  =  33/12 = 11/4
```

மேல்தரக் கட்டு ஒன்றுக்கு ஒன்பதேகால் தௌ, நடுத்தரத்துக்கு நாலேகால், கீழ்த்தரத்துக்கு இரண்டே முக்கால். சீன நூலும் இதே விடையைத்தான் தருகிறது.

இப்போது ஒரு மாணவர் நிரை நிரல் மாற்ற மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இணைக்காரணி அணியையே சேர்ப்பு அணி என்று எடுத்து 39, 34, 26 ஆகியவற்றோடு பெருக்குகிறார். x = 129/12 = 43/4, y = 12/12 = 1, z = 57/12 = 19/4 என்று வருகிறது. எச்சரிக்கையானவர் ஆகையால் முதல் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கிறார்: 3 × 43/4 + 2 × 1 + 19/4 = 129/4 + 2 + 19/4 = 37 + 2 = 39. சரியாக இருக்கிறது! நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போகிறார். விடை மூன்றுமே தவறு. இரண்டாம் சமன்பாட்டில் போட்டிருந்தால் 34க்குப் பதில் 29¼ வந்திருக்கும். மூன்றாவதில் 26க்குப் பதில் 27.

இது எப்படி நேர்ந்தது? A-யின் முதல் நிரையான 3, 2, 1 என்பதை அந்தத் தவறான அணியின் மூன்று நிரல்களோடும் பெருக்கிப் பார்த்தால் 12, 0, 0 என்றே வருகிறது. இந்தக் குறிப்பிட்ட எண்களின் தற்செயல் அது. வலப்பக்கம் எந்த எண்ணாக இருந்தாலும், இந்த அணிக்கு முதல் சமன்பாடு அந்தத் தவறைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே ஒரு சமன்பாட்டில் மட்டும் சோதிப்பது சோதனையே ஆகாது. மூன்றிலும் போட வேண்டும்; நேரமில்லையென்றால், கணக்கில் முதலில் பயன்படுத்தியதை விட்டுக் கடைசியில் தொட்டதையாவது போட வேண்டும்.

இதைவிட முன்னதாகவே, வலப்பக்க எண்களைத் தொடுவதற்கு முன்பே, பிழையைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. A (adj A) = |A| I என்பது ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்யும் தேற்றம். அதைத் தேற்றமாக மட்டும் வைத்திராமல் கருவியாகப் பயன்படுத்தலாம். A-யின் ஒரு நிரையைச் சேர்ப்பு அணியின் அதே எண்ணுள்ள நிரலோடு பெருக்கினால் 12 வர வேண்டும். வேறு நிரலோடு பெருக்கினால் 0 வர வேண்டும். இரண்டாம் நிரை, முதல் நிரல்: 2·7 + 3·(−5) + 1·1 = 0. சரி. நிரை நிரல் மாற்றாத தவறான அணியில் இதே இடத்தில் 2·7 + 3·(−4) + 1·(−1) = 1 வருகிறது. அங்கேயே குட்டு உடைந்துவிடும். ஒன்பது பெருக்கங்களையும் போட வேண்டியதில்லை. மூலைவிட்டத்தில் 12 வருகிறதா என்று மூன்று இடத்தில் பார்த்தால் ஒன்பது இணைக்காரணிகளும் ஒரு முறை பயன்பட்டுவிடுகின்றன. ஆனால் அந்த மூன்றும் நிரை நிரல் மாற்றத்தைப் பற்றி எதுவும் சொல்லாது, ஏனென்றால் மாற்றாத அணியை நிரைக்கு நிரை பெருக்கினாலும் அதே 12தான் வரும். ஆகவே மூலைவிட்டத்துக்கு வெளியே பூச்சியம் வருகிறதா என்று வெவ்வேறு நிரைகளில் இரண்டு இடத்தையாவது பார்க்க வேண்டும்.

|adj A| = |A|² என்பது ஒரு மதிப்பெண் வினாவில் விரும்பிக் கேட்கப்படுவது. நம் சேர்ப்பு அணியின் அணிக்கோவையை விரித்தால் 252 − 96 − 12 = 144. பன்னிரண்டின் வர்க்கம். ஆனால் இதைச் சோதனையாக வைத்துக்கொள்ள வேண்டாம். நிரை நிரல் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அணிக்கோவை ஒன்றுதான்.

அடுத்தது கிராமரின் விதி. காப்ரியேல் கிராமர் 1750இல் வளைகோடுகளைப் பற்றி வெளியிட்ட நூலின் பின்னிணைப்பில் இந்த விதி வருகிறது. கொடுத்த புள்ளிகள் வழியாகச் செல்லும் வளைகோட்டின் சமன்பாட்டைக் காண்பது அவருக்கு வேண்டியிருந்தது. அதாவது குணகங்கள் எழுத்துகளாக இருக்கும்போது விடை எந்த வடிவில் இருக்கும் என்பதைச் சொல்லும் சூத்திரம் இது. எண்களைப் போட்டு வேகமாக விடை காண்பதற்கென்று பிறந்ததல்ல.

விதி எளியது. x-இன் நிரலை எடுத்துவிட்டு அங்கே 39, 34, 26ஐ வைத்தால் Δx. அப்படியே Δy, Δz. பிறகு x = Δx/Δ. பலர் Δx-ஐ வழக்கம்போல் முதல் நிரை வழியாக விரிக்கிறார்கள்: 39(9 − 2) − 2(102 − 26) + 1(68 − 78) = 273 − 152 − 10 = 111. சரியான விடைதான். ஆனால் மாற்றி வைத்த நிரல் வழியாகவே விரித்துப் பாருங்கள். 39-இன் இணைக்காரணி 7, 34-இன் இணைக்காரணி −4, 26-இன் இணைக்காரணி −1. Δx = 7·39 − 4·34 − 1·26. இது மேலே நேர்மாறு முறையில் x-க்கு எழுதிய அதே வரி! மாற்றப்பட்ட நிரலின் இணைக்காரணிகளைக் காணும்போது அந்த நிரல் மறைந்துவிடுகிறது. மீதி இரண்டு நிரல்களும் பழைய A-யின் நிரல்களே. ஆகவே Δx, Δy, Δz மூன்றும் சேர்ப்பு அணியை வலப்பக்கத்தோடு பெருக்கிய மூன்று வரிகள்தாம். கிராமர் விதியும் நேர்மாறு முறையும் ஒரே கணக்கு என்று முன்பு சொன்னதன் பொருள் இது.

தேர்வில் இதன் பயன் நேரடியானது. கிராமர் விதியில் தீர்க்கச் சொன்னால், நான்கு அணிக்கோவைகளையும் தனித்தனியாக விரிக்க 36 பெருக்கல் வேண்டும். ஒன்பது இணைக்காரணிகளை ஓரத்தில் ஒரே மூச்சில் கண்டுவிட்டால் அதற்கு 18, |A|-க்கு 3, வலப்பக்கத்தோடு பெருக்க 9, ஆக 30. ஆறு பெருக்கல் மிச்சம் என்பது சிறிய லாபம்தான். பெரிய லாபம் சோதனையில் இருக்கிறது: ஒரு நிரை வழியாக விரித்து எழுதிய 111 இணைக்காரணி வழியிலும் 111 என்றே வந்தால், அந்த எண்ணை நம்பலாம்.

கிராமர் விதியில் இன்னொரு பொறி, பொதுக் காரணியை வெளியே எடுக்கும்போது. கிரிக்கெட் பந்து செல்லும் பாதையை y = ax² + bx + c என்று வைத்து, மூன்று புள்ளிகளிலிருந்து a, b, c காணும் கணக்கு பாடநூல் வழியாகப் பலருக்கும் தெரிந்தது. புள்ளிகளின் x ஆயத்தொலைகள் 10, 20, 40 என்றால் Δ-வின் நிரைகள் 100, 10, 1. 400, 20, 1. 1600, 40, 1. முதல் நிரலிலிருந்து 100ஐயும் இரண்டாம் நிரலிலிருந்து 10ஐயும் வெளியே எடுத்தால் Δ = 1000 × (−6) = −6000. நல்ல சுருக்கம். ஆனால் Δa-வில் முதல் நிரல் போய்விட்டது. அங்கே வெளியே எடுக்க 10 மட்டுமே மிஞ்சும். Δb-யில் 100 மட்டும். 'எல்லாவற்றிலும் 1000 பொது, அடித்துவிடலாம்' என்று எழுதினால் a நூறு மடங்கு பெரிதாகிவிடும், பந்து எங்கோ வானத்தில் இருக்கும். நிரைகளிலிருந்து எடுத்த காரணி வேறு: ஒரு சமன்பாடு முழுவதற்கும், வலப்பக்கத்துக்கும் சேர்த்து, பொதுவான காரணி இருந்தால் தொடக்கத்திலேயே அதை அடித்துவிடலாம்.

காஸ்ஸியன் நீக்கல் முறைக்கு வருவோம். காஸின் பெயரைத் தாங்கியிருந்தாலும், சீனர்கள் எண்குச்சிகளை நிரல் நிரலாக அடுக்கி, ஒன்றை இன்னொன்றிலிருந்து கழித்து நம் தானியக் கணக்கைத் தீர்த்தது இந்த வழியில்தான். விரிவுபடுத்தப்பட்ட அணியை எழுதும்போதே ஒரு முடிவு எடுக்க வேண்டும்: எந்தச் சமன்பாட்டை முதலில் வைப்பது? முதல் குணகம் 1 ஆக இருப்பதை வைத்தால் முதல் படியில் பின்னம் வராது. மூன்றாம் சமன்பாட்டை மேலே கொண்டுவருகிறேன். வலக்கோடியில் ஒவ்வொரு நிரையின் எண்களையும் கூட்டி ஒரு சோதனை நிரலையும் வைத்துக்கொள்கிறேன்.

```
1  2  3 | 26 | 32
2  3  1 | 34 | 40
3  2  1 | 39 | 45
```

R₂ → R₂ − 2R₁, R₃ → R₃ − 3R₁:

```
1   2   3 |  26 |  32
0  −1  −5 | −18 | −24
0  −4  −8 | −39 | −51
```

சோதனை நிரலுக்கும் அதே செயலைச் செய்ய வேண்டும்: 40 − 64 = −24. இரண்டாம் நிரையின் எண்களைக் கூட்டினாலும் −1 − 5 − 18 = −24. பொருந்துகிறது. மூன்றாவதிலும் 45 − 96 = −51, −4 − 8 − 39 = −51. அடுத்து R₃ → R₃ − 4R₂:

```
1   2   3 |  26 |  32
0  −1  −5 | −18 | −24
0   0  12 |  33 |  45
```

−51 + 96 = 45; 12 + 33 = 45. கூட்டல் கழித்தல் பிழை எந்தப் படியில் நுழைந்தாலும் அந்தப் படியிலேயே இந்த நிரல் பொருந்தாமல் போகும்; பக்கம் முழுவதையும் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை. வினாத்தாளிலிருந்து எண்ணைத் தப்பாக எடுத்தெழுதியிருந்தால் மட்டும் இது பிடிக்காது. அதற்குத்தான் கடைசியில் மூலச் சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பது. சோதனை நிரலை விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளலாம். அணிக்குள் சேர்த்துவிட்டால் திருத்துபவர் குழம்புவார்.

கடைசி நிரை 12z = 33 என்கிறது. z = 11/4. பிறகு −y − 5z = −18 என்பதிலிருந்து y = 17/4, முதல் நிரையிலிருந்து x = 37/4. இங்கே 12ம் 33ம் வந்ததைக் கவனியுங்கள். கிராமரின் Δ-வும் Δz-உம் அவையே. முழுதும் தற்செயல் என்று சொல்ல முடியாது. ஏறுபடி வடிவத்தின் மூலைவிட்ட உறுப்புகளைப் பெருக்கினால் 1 × (−1) × 12 = −12. ஒரு முறை நிரைகளை இடம் மாற்றினோம், ஆகவே குறி ஒரு முறை மாற வேண்டும்: 12. அணிக்கோவை இலவசமாகக் கிடைத்துவிட்டது. தனியாக விரித்த |A|-யோடு இது பொருந்தினால் இடப்பக்கத்து வேலை சரி. ஆனால் வழியில் எந்த நிரையையாவது ஓர் எண்ணால் பெருக்கியிருந்தால், முன்பு சொன்ன கணக்கு இங்கும் வரும்: அந்த எண்ணால் வகுத்த பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

வேலையின் அளவைப் பார்த்தால், மூன்று மாறிகளுக்கு நீக்கல் முறையில் பெருக்கலும் வகுத்தலும் சேர்த்து 17 போதும். முறையைக் குறிப்பிடாமல் 'தீர்க்க' என்று மட்டும் கேட்டால், எண் குணகங்களுக்கு நீக்கல் முறையைத் தவிர வேறெதையும் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. A மாறாமல் வலப்பக்கம் மட்டும் இரண்டு மூன்று தடவை மாறும் கணக்கில் நேர்மாறு அணிக்கு மதிப்பு உண்டு. ஒரே வலப்பக்கத்துக்கு அது அதிகச் செலவு. ஒரு மாறியின் மதிப்பு மட்டும் கேட்டால், அல்லது குணகங்கள் எழுத்துகளாக இருந்தால், கிராமர்.

இதுவரை Δ பூச்சியமில்லை. பூச்சியமானால் முதல் இரண்டு முறைகளும் கைவிட்டுவிடும். இங்கே பரவலாக ஒரு தவறான வாய்ப்பாடு உலவுகிறது: 'Δ = 0, Δx = Δy = Δz = 0 என்றால் எண்ணற்ற தீர்வுகள்.' x + y + z = 1, x + y + z = 2, x + y + z = 3 என்ற தொகுப்பைப் பாருங்கள். நான்கு அணிக்கோவைகளும் பூச்சியம். தீர்வு ஒன்றுகூட இல்லை என்பது பார்த்தாலே தெரியும். காரணம் இதுதான். A-யின் தரம் 1 ஆக இருந்தால், ஒரு நிரலை நீக்கி எதை வைத்தாலும் மீதி இரண்டு நிரல்கள் ஒன்றுக்கொன்று மடங்காகவே இருக்கும். Δx, Δy, Δz மூன்றும் வலப்பக்கம் எதுவாயினும் பூச்சியம். அவை எதையும் சொல்லவில்லை. A-யில் பூச்சியமாகாத இரண்டாம் வரிசைச் சிற்றணிக்கோவை ஒன்றாவது இருந்தால் அந்த வாய்ப்பாடு சரி: அப்போது A-யின் தரம் 2, விரிவுபடுத்தப்பட்ட அணியின் மூன்றாம் வரிசைச் சிற்றணிக்கோவைகள் குறி தவிர இந்த நான்கே ஆகையால் அதன் தரமும் 2, இரண்டும் சமம், தீர்வு உண்டு. மாறாக, Δ = 0 ஆகி Δx, Δy, Δz-இல் ஒன்றாவது பூச்சியமில்லை என்றால் தீர்வு இல்லை; அதில் ஐயமில்லை.

λ, μ போட்டுக் கேட்கப்படும் ஐந்து மதிப்பெண் கணக்கு இந்த இடத்தில்தான் வருகிறது. நம் தானியக் கணக்கின் மூன்றாம் சமன்பாட்டை x + 2y + λz = μ என்று மாற்றுவோம். λ, μ-வின் எம்மதிப்புகளுக்கு ஒரே தீர்வு, தீர்வின்மை, எண்ணற்ற தீர்வுகள்? மேலே செய்த அதே செயல்களை அப்படியே செய்தால்:

```
1   2    λ      |    μ
0  −1   1 − 2λ  |  34 − 2μ
0   0   5λ − 3  |  5μ − 97
```

எல்லாம் கடைசி நிரையில் இருக்கிறது. λ ≠ 3/5 என்றால் μ எதுவாயினும் ஒரே தீர்வு. λ = 3/5, μ ≠ 97/5 என்றால் A-யின் தரம் 2, விரிவுபடுத்தப்பட்டதன் தரம் 3; ஒருங்கமைவு அற்றது. λ = 3/5, μ = 97/5 என்றால் இரண்டின் தரமும் 2, மாறிகள் 3; எண்ணற்ற தீர்வுகள். பழைய கணக்கின் λ = 3, μ = 26ஐப் போட்டுப் பார்த்தால் கடைசி நிரை 12, 33 என்று திரும்ப வருகிறது; செயல்கள் சரி என்பதற்கு அதுவே சான்று.

இங்கே λ உள்ள நிரையை மேலே வைத்தும் தப்பித்தது, அதன் முதல் உறுப்பு 1 ஆக இருந்ததால். முதல் உறுப்பிலேயே λ இருந்தால் அந்த நிரையைக் கீழே தள்ளிவிட வேண்டும். λ உள்ள கோவையால் ஒரு நிரையைப் பெருக்கவோ வகுக்கவோ செய்தால், அது பூச்சியமாகும் மதிப்புக்கு அந்தச் செயலே செல்லாது. அந்த மதிப்பைத் தனியாக ஆராய வேண்டிவரும். பெரும்பாலும் கேள்வி கேட்பதே அந்த மதிப்பைப் பற்றித்தான்.

'தீர்க்க' என்றும் கேட்டிருந்தால், மூன்றாம் நிலையில் 'எண்ணற்ற தீர்வுகள்' என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். z = t என்று வைத்து y = (24 − t)/5, x = (49 − t)/5 என்று முடிக்க வேண்டும், t ஏதேனும் ஒரு மெய்யெண் என்ற குறிப்போடு. முதல் சமன்பாட்டில் போட்டால் t அடிபட்டு 39 வருகிறது. t அடிபடாமல் மிஞ்சினால் எங்கோ குறி மாறியிருக்கிறது. மற்ற இரண்டு சமன்பாடுகளிலும் போட்டுப் பார்த்துவிட்டே அடுத்த வினாவுக்குப் போங்கள்.